உத்தரத்து வளையமும் வீட்டு வயசும்

"மயிலாப்பூர் பழைய வீட்டு உத்தரத்துல 120 வளையம் எண்ணினேன், அப்ப வீட்டுக்கு 120 வயசு."

சார், அந்த 120 மரம் வளர்ந்த வருஷம், வெட்டின வருஷம் இல்ல. தேக்கு வறண்ட மாசத்துல இலைய உதிர்த்து வளர்ச்சிய நிறுத்தும், அதான் வருஷத்துக்கு ஒரு வளையம், மழை குறைஞ்சா பெரும்பாலும் ஒல்லியா விழும். இந்த ஒல்லி-தடி வரிசைய அந்த மரம் வளர்ந்த பகுதியில இப்ப நிக்கற மரத்துலேருந்து பின்னாடி கோத்துட்டு வந்த வரிசையோட பொருத்தினாதான் ஆண்டு கிடைக்கும், அந்த வரிசையே வருஷாவருஷம் மழைக் கணக்காவும் ஆகுது.

இன்னொருத்தர் கடைசி வளையம்தான் வெட்டின வருஷம்னாரு, பாதி சரி, பட்டையோட ஒட்டின வளையம் இருந்தா மட்டும். தச்சர் வெளிப்பக்க வெள்ளைக்கட்டைய செதுக்கியிருந்தா மரத்த வெட்டினது "இந்த வருஷத்துக்கு அப்புறம்"னு மட்டும்தான் சொல்லலாம்.

அதே வீட்டுல இன்னொரு உத்தரத்தோட முனைய எண்ணிப் பாருங்க, பெரும்பாலும் 120 வராது.