என் பணத்துக்கு நானே வட்டியா?

தம்பி: அக்கா, நாளைக்கு எஃப்டியை உடைக்கப் போகிறேன். தாளடி நடவுக்கு 60,000 வேண்டும்.

அக்கா: அதற்கு 2 லட்சத்தையும் உடைப்பாயா? ஒரு மரக்கால் நெல்லுக்காகக் குதிரை இடிக்கிறாய்.

தம்பி: குதிரையா?

அக்கா: நெல் குதிர். சொல்லு.

தம்பி: உடைத்தால் பெனால்டி 1 சதவீதம்தான். எஃப்டியை அடகு வைத்து லோன் எடுத்தால் 8 சதவீதம். எட்டு பெரிசா, ஒன்று பெரிசா? அதுவும் என் பணத்துக்கு நானே வட்டி கட்டுவதா?

அக்கா: ரசீதைக் காட்டு. 2 வருஷத்துக்கு 7 சதவீதம், போட்டு 20 மாதம் ஆகிவிட்டது. நீ உடைத்தால் இந்த 7-ஐத் தர மாட்டார்கள். போட்ட அன்றைக்கு 20 மாத டெபாசிட்டுக்கு என்ன வட்டியோ அதைத்தான் எடுப்பார்கள். அன்றைய வட்டிப் பட்டியலை உன் ரேஷன் கார்டு உறைக்குள் நான்தான் மடித்து வைத்தேன். இதோ, 6.75. அதில் உன் ‘ஒன்றுதான்’ கழிந்தால் 5.75.

தம்பி: அந்த ஒன்று 60,000-க்குத்தானே? 600 ரூபாய்.

அக்கா: முழு 2 லட்சத்துக்கும். போன 20 மாதத்துக்கும் சேர்த்து. ஆக ஒன்றேகால் சதவீதம் நஷ்டம். கூட்டு வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே 4,160 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

தம்பி: லோன் மட்டும் இனாமா?

அக்கா: 60,000-க்கு 4 மாத வட்டி 1,600. ஆனால் அதே 60,000, அதே 4 மாதமும் எஃப்டிக்குள் 7 சதவீதத்தில் கிடந்து 1,400 சம்பாதிக்கும். உன் கையை விட்டுப் போவது 200.

தம்பி: இருந்தாலும் என் பணத்துக்கு நானே...

அக்கா: பசுவை அடகு வைத்தாலும் பாலை நீதான் கறக்கிறாய். வைக்கோல் செலவை மட்டும் பார்த்து அழுகிறாய்.

தம்பி: கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கிப் பணம் தாமதமானால்?

அக்கா: 4 மாதத்தில் எஃப்டியே முதிர்ந்துவிடும். கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள்.

தம்பி: அப்போ எஃப்டியை உடைக்கவே கூடாதா?

அக்கா: யார் சொன்னது? போட்டு 2 மாதம்தான் ஆகியிருந்து, பணத்தில் பெரும்பகுதி மீதி 22 மாதத்துக்கும் வேண்டுமென்றால் நானே உடைக்கச் சொல்வேன். பெனால்டி கடந்துபோன நாளுக்கு. லோனில் கூடுதலாகக் கட்டும் 1 சதவீதம் இனி வரும் நாளுக்கு. எந்தப் பக்கம் நாள் அதிகம் என்று பார்.

தம்பி: இதைக் கவுண்டரில் சொல்லவே இல்லையே!

அக்கா: ‘உடைக்கணும்’ என்றாய், ஃபாரத்தை நீட்டியிருப்பார்கள். ‘எவ்வளவு குறையும்’ என்று கேட்டாயா?

தம்பி: கேட்கவில்லை. சரி, லோனே போடுகிறேன். ஆனாலும் அந்த 200 ரூபாய்... என் பணத்துக்கு நானே...

அக்கா: இந்தா 200. கிளம்பு.