400 பேர் சந்தா, 299 பெட்டி

போன வருஷம் ஜூலை கடைசியில் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு மசாலா அறையில் 77 பெட்டிக்கான சரக்கு மிஞ்சிக் கிடந்தது. வறுத்து அரைத்த மசாலா. மூன்று மாதம் போனால் நிறம் இருக்கும், வாசனை இருக்காது. என் நாத்தனார் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணி, கணக்கு நீங்கதானே போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான்தான் போட்டேன். டர்பனிலிருந்து ஜோபர்க், கேப் டவுன் வரை மாதாமாதம் மசாலாப் பெட்டி அனுப்புகிறோம். அப்போது 400 பேர் சந்தாவில் இருந்தார்கள். இந்த மாதம் வேண்டாம் என்பவர்கள் 20-ஆம் தேதி இரவுக்குள் ஸ்கிப் செய்ய வேண்டும், அதுதான் கட்-ஆஃப். 25-ஆம் தேதி, பலருக்குச் சம்பளம் வரும் நாளில், டெபிட் ஆர்டர் போகும். 28-ஆம் தேதி பெட்டி கிளம்பும். ஆனால் மிளகாய்க்கும் பாட்டிலுக்கும் 8-ஆம் தேதியே ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.

அன்றைக்குத் திரையில் 24 ஸ்கிப் தெரிந்தது. 400-இல் 24 போனால் 376. அப்படியே ஆர்டர் கொடுத்து, சரக்கு வந்த கையோடு மொத்தத்தையும் அரைத்துவிட்டேன். 20-ஆம் தேதி இரவு பார்த்தால் ஸ்கிப் 92. அப்புறம் 25-ஆம் தேதி 9 பேர் கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் திரும்பியது. போனது 299 பெட்டி.

தப்பு கழித்தலில் இல்லை. அந்த 24 முடிந்துபோன எண் இல்லை, வளர்ந்துகொண்டிருந்த எண். ஸ்கிப் செய்கிறவர்கள் மாதம் முழுக்கச் சீராக வருவதில்லை. 17-ஆம் தேதி காலையில் "இன்னும் மூன்று நாள்தான்" என்று நாங்கள் நினைவூட்டல் அனுப்புவோம், அன்றைக்கும் கடைசி நாளிலும்தான் கூட்டம். பழைய மூன்று மாதத்துப் பதிவைத் தோண்டிப் பார்த்தேன். கட்-ஆஃபுக்கு 12 நாள் முன்பு, கடைசியில் சேரும் ஸ்கிப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வந்திருந்தது. ஒரு மாதம் ஐந்தில் ஒன்று, ஒரு மாதம் மூன்றில் ஒன்று. அந்தக் கணக்கில் 24-ஐ நாலால் பெருக்கினால் 96, பெட்டி 304. டெபிட் திரும்புவதற்கு முன்னால் உண்மையில் நின்றது 308.

இப்போது இரண்டு எண் வைத்துக்கொள்கிறேன். மூன்றில் ஒன்றுதான் வந்திருக்கிறது என்று வைத்தால் 328 பெட்டி, ஐந்தில் ஒன்று என்று வைத்தால் 280. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டியை 328-க்கு வாங்குகிறேன், அவை கெட்டுப்போகாது. அரைப்பதை 280-க்கு நிறுத்திக்கொள்கிறேன். மீதியைக் கட்-ஆஃப் முடிந்த மறுநாள் அரைத்தால் போதும். செப்டம்பரில் மட்டும் கொஞ்சம் நெருக்கும், 24-ஆம் தேதி பொது விடுமுறை, ஊரே வெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் பிராய் போட உட்கார்ந்துவிடும், பாட்டில் நிரப்ப ஆள் வராது.

"கட்-ஆஃபையே 15-க்கு இழுத்துவிட்டால் என்ன?" என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். இரண்டு மாதம் செய்து பார்த்தோம். ஸ்கிப் குறைந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் 25-ஆம் தேதி திரும்பிய டெபிட் கூடியது, சந்தாவையே நிறுத்தியவர்களும் கூடினார்கள். கையில் காசு நிற்குமா என்பது 15-ஆம் தேதி பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மாதம் தள்ளிப் போட்டிருப்பார்கள், வழியில்லாததால் மொத்தமாகப் போய்விட்டார்கள். திரும்ப 20-க்கே வந்துவிட்டோம்.

ஸ்வாப் வேறு மாதிரி ஏமாற்றும். பெட்டி எண்ணிக்கை மாறாது, உள்ளே இருப்பது மாறும். புரட்டாசியில் இங்கே நிறைய வீடுகளில் கவிச்சி கிடையாது. செப்டம்பர் பெட்டியில் மீன் மசாலாவை எடுத்துவிட்டு ரசப்பொடி கேட்பார்கள். அதற்காகப் போன வருஷம் 60 பாட்டில் ரசப்பொடி கூடுதலாக வைத்திருந்தேன். மாதக் கடைசியில் நோட்டில் "ஸ்வாப் 60" என்று எழுதி வைத்தேன். இந்த வருஷமும் 60 என்றே ஆரம்பித்தேன்.

சும்மா ஒரு சந்தேகத்தில் நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 17-ஆம் தேதி சாயங்காலத்துக்குள்ளேயே 60-உம் தீர்ந்திருக்கிறது. அப்புறம் மூன்று நாள் ஸ்வாப் பூஜ்யம், ஆனால் அதே மூன்று நாளில் ஸ்கிப் மற்ற மாதங்களைவிட 38 அதிகம். 60 என்பது எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கே இல்லை, எங்களிடம் எத்தனை பாட்டில் இருந்தது என்ற கணக்கு. ரசப்பொடி கிடைக்காதவர்கள் மீன் மசாலாவோடு பெட்டியை வாங்காமல் ஸ்கிப் செய்திருக்கிறார்கள். மனசில்லாமல் வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

இந்தப் புரட்டாசிக்கு 110 பாட்டில் வைத்திருக்கிறேன், மீன் மசாலாவை அதே அளவுக்குக் குறைத்து. எண்ணிக்கையோடு, ரசப்பொடி எந்த நாள் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும் இந்த முறை நோட்டில் எழுதப்போகிறேன்.