தாங்கள் கட்டிய கோயிலுக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்பது?

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் வழிபாடு நடந்தது. செயற்குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் வரவேற்புரை ஒப்படைக்கப்பட்டது. அவள் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தவள். ஆகவே எழுதிய தாள்களோடு முதலில் என்னிடம்தான் வந்தாள். அந்த உரையைத் திருத்திய நான்கு மாலைகளில் நான் யோசித்தவற்றை, இனி நம் டர்பன் கோயில்களில் ஒலிவாங்கியைப் பிடிக்கப்போகும் பிள்ளைகளுக்காகவும் அவர்களை அனுப்பிவைக்கும் செயற்குழுக்களுக்காகவும் எழுதுகிறேன்.

அவள் கொண்டுவந்த தாள்கள் மூன்று. முதல் தாள் முழுவதும் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று போயிற்று. இரண்டாம் தாளில் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் வந்து சேர்ந்த வரலாறு. மூன்றாம் தாளில்தான், அதுவும் கடைசிப் பத்தியில், "நாங்கள் உங்கள் எல்லோரையும் எங்கள் கோயிலுக்கு அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரி இருந்தது. நிதானமாகப் படித்தால் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

நீளத்தைவிட அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ அதில் இல்லை. ஆனால் முன்வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறவர்கள் யார்? 1960களில், இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டத்தின் பேரில், கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டபோது பிள்ளைகளாகவும் இளந்தம்பதிகளாகவும் வந்தவர்கள். அம்மனை வீட்டுக் கராஜில் வைத்துக் கும்பிட்டு, வாரச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, ஒவ்வொரு செங்கலாகச் சேர்த்து இந்தக் கோயிலை எழுப்பியவர்கள். அவர்களைப் பார்த்து ஓர் இளம்பெண் "எங்கள் கோயிலுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று சொன்னால், ஒரே வாக்கியத்தில் வீட்டுக்காரர் விருந்தாளி ஆகிவிடுகிறார்.

தமிழில் இது ஆங்கிலத்தைவிடக் கூர்மையாகக் கேட்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதை நாம் "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் இரண்டாக வைத்திருக்கிறோம். "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே இருக்கிறார். "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதில்லை. எழுபதும் எண்பதும் கடந்த பெரியவர்களுக்கோ உடனே விழுந்துவிடும். அவர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள். முகம் மட்டும் லேசாக இறுகும், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேசத் தொடங்குவார்கள். மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு, முன்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது என்பதே ஏதோ தவறியதற்கு முதல் அடையாளம்.

ஆகவே, பெரியவர்களை இளையவர் ஒருவர் வரவேற்கும்போது முதலில் அவர்களிடம் பேச அனுமதி கேட்க வேண்டும், கோயில் அவர்களுடையது என்பதைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே வெளியிலிருந்து வந்தவர்களை வரவேற்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். வரவேற்பு என்ற சொல்லே அந்த மூன்றாம் இடத்தில்தான் வர வேண்டும். பழைய கல்யாண வீடுகளில் சிறியவர்கள் சபையில் எழுந்து ஒன்றைச் சொல்லும் முன் "பெரியவங்க உத்தரவு" என்று கேட்டு நின்ற வழக்கமே இதற்கு அடிப்படை. நானாக இதில் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பெயர்ப் பட்டியலை முழுவதும் எடுத்துவிட்டோம். அவள் தயங்கினாள், பெயர் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவாகாதா என்று கேட்டாள். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கோயிலில் நான் கண்ணால் கண்டதை அவளுக்குச் சொன்னேன். ஒரு பையன் பதினான்கு பெயர்களைப் பிசகாமல் படித்தான். பதினைந்தாவதாக இருந்திருக்க வேண்டிய ஆயா, அந்த வழிபாட்டுக்கு ஆண்டுதோறும் விடியற்காலையில் எழுந்து கூழ் காய்ச்சி வந்தவர், பட்டியலில் இல்லை. எழுதிக் கொடுத்தவர் மறந்துவிட்டார். ஆயா பூசை முடியும்வரை இருந்து திருநீறு வாங்கிக்கொண்டு, தான் காய்ச்சிய கூழைத் தொடாமலே வீட்டுக்குப் போனார். வயிற்றுவலி என்றார். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதில் விடுபட்டவர் என்று ஒருவர் இருந்தே தீருவார். "தாத்தாக்களே, ஆயாக்களே, பெரியோர்களே" என்று முறைப்பெயரால் விளித்தால் எவரும் விடுபடுவதில்லை. பதவிகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று செயற்குழு கருதினால், அதை நன்றியுரைக்குத் தள்ளிவைக்கலாம்.

கப்பல் வரலாற்றை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை. அவள் ஆசையாகத் தேடி எழுதியது அது. ஆனால் ட்ரூரோ கப்பலைப் பற்றி அந்த முன்வரிசைக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அதை நவம்பரில் நடக்கும் நினைவுநாள் கூட்டத்தில் விரிவாகப் பேசலாம். அதற்குப் பதிலாக அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்றை, ஒரே வாக்கியத்தில் சொல் என்றேன். கடைசியில் அஞ்சலட்டை அளவுள்ள ஓர் அட்டையில் அடங்கிய உரை இதுதான்:

"தாத்தாக்களே, ஆயாக்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உங்கள் முன்னால் நின்று பேச முதலில் உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன். இது நீங்கள் எழுப்பிய கோயில். கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் இங்கே வந்தபோது, வீட்டுச் சாமான்களோடு அம்மனையும் கொண்டுவந்தவர்கள் நீங்கள். உங்கள் கோயிலில் நாம் எல்லோரும் இன்று அம்மன் முன் கூடியிருக்கிறோம். வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் உறவினர்களையும், மற்றக் கோயில்களின் அன்பர்களையும், அக்கம்பக்கத்தாரையும் வருக வருக என வரவேற்கிறோம். பூசை முடிந்ததும் கூழ் வார்க்கப்படும். பெரியவர்கள் எழுந்து வரிசையில் நிற்க வேண்டாம். நாங்கள் உங்கள் இடத்துக்கே கொண்டுவந்து தருகிறோம். வணக்கம்."

கடைசியில் வரும் "நாங்கள்" வேண்டுமென்றே வைத்தது. சேவை செய்யப்போகிறவர்கள் இளையவர்கள், உட்கார்ந்து வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் பெரியவர்கள். அந்த இடத்தில் "நாம்" என்று சொன்னால் பெரியவர்களையும் பரிமாறக் கூப்பிட்டதாகிவிடும். உரை முழுவதிலும் இந்த இரண்டு சொற்களும் தத்தம் இடத்தில் நின்றால் போதும். அலங்காரச் சொற்கள் எவையும் தேவைப்படாது.

படிப்பதில் வந்த சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் நாட்டுக்கே உரியது. நம் பிள்ளைகளில் பலர் தேவாரத்தைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுகிறார்கள். அதில் குறிலும் நெடிலும் கலந்துவிடும், ழகரம் இசட் ஒலியாகிவிடும். இவளுடைய முதல் வரைவில் "செயற்குழு சார்பில்" என்று ஓர் இடம் இருந்தது. ஒத்திகையில் அதை நான்கு முறை "செயற்கூழ்" என்றே படித்தாள், ஏனெனில் இரண்டு சொற்களையும் அவள் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தாள். அந்தச் சொல்லையே எடுத்துவிட்டோம். கூழ் என்ற சொல்லை எடுக்க முடியாது; அதை மட்டும் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, ழகரம் வருமளவும் நாக்கை மடித்துப் பழகினாள். மற்றச் சொற்களில் நெட்டெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். பொருள் தெரியாத ஒரு சொல்லும் அட்டையில் இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பொருள் தெரியாமல் படிக்கிறவர் எங்கே மூச்சு விடுவது என்று அறியாமல் சொல்லின் நடுவில் நிறுத்திவிடுவார். கேட்பவருக்கு அது உடனே புரிந்துவிடும்.

கொள்ளுப் பேரப்பிள்ளைகளுக்காக, கூழ் எப்போது, எங்கே கிடைக்கும் என்ற செய்தியை மட்டும் தமிழ் முடிந்தபின் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களாகச் சொல்லச் செய்தோம். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பது கூடாது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் இரண்டு நிமிட உரை நான்கு நிமிடமாகும், பெரியவர்களும் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். சமையல்கூடத்தில் உதவிக்கு வந்திருந்த சூலு மொழி பேசும் அம்மாக்களைப் பார்த்து "சனிபோனானி" என்று ஒரு வணக்கம் சொன்னாள். அது அவளாகவே சேர்த்துக்கொண்டது, நான் நினைத்திருக்கவில்லை.

அன்று காலை விளக்கேற்றிக் கடவுள் வாழ்த்துப் பாடி முடிந்ததும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆடி மாதம் இங்கே குளிர்காலம். சிமெண்டுத் தரையின் சில்லிப்பு வெறுங்காலில் ஏறும். அவள் முதலில் எல்லோரையும் உட்காரச் சொன்னாள், நாற்காலிகள் இழுபடும் ஓசை அடங்கும்வரை காத்திருந்தாள், இரண்டு கையையும் கூப்பி வணங்கிய பிறகே ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். இதையும் ஒத்திகையில் பழகியிருந்தோம், ஏனெனில் ஒலிவாங்கியைப் பிடித்த கையோடு கும்பிட முடியாது. ஒற்றைக் கையை மார்பில் வைக்கும் வணக்கம் பெரியவர்கள் முன் அரைகுறையாகத் தெரியும். கைப்பேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததும் நல்லதாயிற்று. பந்தலின் ஓரத்திலிருந்து வெயில் நேராக அவள் கையில் விழுந்தது, திரையில் ஓர் எழுத்தும் தெரிந்திருக்காது.

"உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் சிவப்பு மையில் குறித்திருந்தபடி மூன்று எண்ணும் நேரம் நிறுத்தினாள். வெறுமனே ஓர் இடைவெளி என்றுதான் அதை நான் வைத்திருந்தேன். ஆனால் முன்வரிசையிலிருந்து ஓர் ஆயா, "சொல்லும்மா, சொல்லு" என்றார். பக்கத்திலிருந்த தாத்தா தலையை அசைத்தார். அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவர்களைப் பார்த்தாள். அதன் பிறகு, கேட்டோ மேனர் வரி உட்பட, அட்டையைப் பார்க்காமலே சொல்லி முடித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பூசை முடிந்து கூழ் வார்த்தபோது, சொன்னபடியே இளையவர்கள் எட்டுப் பேர் தம்ளர்களைத் தட்டில் வைத்து நாற்காலி நாற்காலியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் கொடுக்கத் தவறியிருந்தால் அந்த உரை பொய்யாகியிருக்கும், ஆகவே அந்த எட்டுப் பேரும் யார் யார் என்பதை முந்தின நாளே முடிவு செய்து வைத்திருந்தோம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பேசப்போகிறான். நேற்று அவன் காட்டிய அட்டையில் "நாங்கள்" மூன்று இடத்தில் இருக்கிறது. இரண்டை அடித்துவிட்டேன். இலை போட்டுப் பரிமாறுவதைப் பற்றிய மூன்றாவதை அப்படியே விட்டிருக்கிறேன்.