சாயப்பட்டறை சொந்தமா வேணுமா?

திருப்பூரில் கொஞ்சம் ஆர்டர் பெருகினால் போதும், பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு இந்த ஆசை வந்துவிடும். "ஏனுங்க, கிலோவுக்கு இவ்வளவு கூலி கொடுக்கறதுக்கு நாமளே டையிங் போட்டுட்டா என்னங்க?" என் பதில், பெரும்பாலான கம்பெனிகளுக்கு வேண்டாம் என்பதுதான்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். வெளியில் ஜாப் ஒர்க் கூலி கிலோவுக்கு 110 ரூபாய். நாமே செய்தால் சாயம், கெமிக்கல், உப்பு, விறகு, கரன்ட் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். 50 ரூபாய் மிச்சம் என்று அங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் கடன் தவணை, பாய்லர் ஆள், சாய மாஸ்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என துணி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 12 லட்சம் ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். அதை 50 ரூபாய் மிச்சத்தில் எடுக்க மாதம் 24 டன் துணி வேண்டும். சீசனில் ஆறு மாதம் 30 டன், மீதி ஆறு மாதம் 8 டன் என்றால் சராசரி 19 டன்தான், மாதம் இரண்டரை லட்சம் கைநட்டம். வெளிப் பட்டறைக்காரர் பத்து கம்பெனித் துணியை மாற்றி மாற்றி ஓட்டுகிறார், அவர் மிஷின் சும்மா நிற்பது குறைவு. சிறிய லாட்டுக்குச் சின்ன மிஷினும் வைத்திருப்பார். நம்மிடம் 250 கிலோ மிஷின் ஒன்றே இருந்தால், 60 கிலோ ஆர்டருக்கும் அதைத்தான் ஓட்டியாக வேண்டும், தண்ணீரும் சூடும் வீண்.

தண்ணீர் என்றதும் 2011 ஞாபகம் வராதா? கழிவு நொய்யலுக்குப் போகிறது என்று அந்த ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது பட்டறை போட்டால் கழிவுநீரை வெளியே விடாமல் ஆர்ஓவில் வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்க வேண்டும். துணி தைக்கிறவனுக்கு அந்தத் தொழிலும் எதற்கு? மாதாமாதம் 24 டன்னுக்கு மேல் நிலையாக ஓடுகிறவர்கள் போடட்டும், அது வேறு கதை.

சரி, வெளியில் கொடுத்தால் எல்லாம் சுகமா? இல்லை. சீசனில் நம் துணி வரிசையில் நிற்கும், கலர் லாட்டுக்கு லாட் மாறும். அதனால் கலர் பார்ப்பதை மட்டும் வெளியில் விடவே கூடாது. பையர் ஓகே செய்த லேப் டிப் என்கிற கலர் மாதிரித் துண்டோடு, வந்த துணியை லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பொருந்தி இன்னொன்றில் பிரிந்து தெரிந்தால், கட்டிங்கிற்கு விடாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள், வெட்டிய துணியைப் பட்டறைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். இன்னொன்று, பாடித் துணியையும் கழுத்துக்கான ரிப்பையும் தனித்தனி லாட்டில் போட்டால் டீஷர்ட்டில் கழுத்து மட்டும் வேறு கலராக நிற்கும். இரண்டையும் ஒரே லாட்டில் போடச் சொல்லி டெலிவரி சலானிலேயே எழுதி அனுப்புங்க, போனில் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது.