நிலத்தைக் காட்டாதீர்கள், வானத்தையும் காட்டாதீர்கள்

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் குறுந்தொகை வீடியோவைப் பற்றித்தான். பார்த்திருப்பீர்கள். அதன் கீழே அதைக் குறை சொல்லி நான் நாலு வரி எழுதியதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "பண்டிதர்கள் இப்படித்தான் தமிழை யாரும் தொடவிடாமல் வைத்திருக்கிறார்கள்" என்று ஒருவர். நான் பண்டிதர் இல்லை. கவிதைகளை வீடியோவாக்க ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருப்பவள். அதனால்தான் வலித்தது.

பாட்டு குறுந்தொகையில் மூன்றாவது, தேவகுலத்தார் எழுதியது. நாலே அடி.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

வீடியோவில் என்ன வருகிறது? முதலில் "காதல்" என்று பெரிய டைட்டில். "நிலத்தினும்" என்றதும் ட்ரோனில் எடுத்த வயல்வெளி. "வானினும்" என்றதும் ஓடும் மேகங்கள். "நீரினும்" என்றதும் கடல். அப்புறம் ஊதாப் பூக்கள் நிறைந்த ஒரு வெளி, கடைசியில் மலை உச்சியில் ஒருவன் ஒருத்தியை அணைத்துக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு ஷாட்டும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் தன் தோழியிடம் பேசும் பெண் என்ன சொல்கிறாள்? நிலம் போதாது, வானம் போதாது, கடலும் போதாது என்கிறாள். போதாது என்று அவள் தள்ளிவைத்த மூன்றையும் எடுத்துத் திரை முழுக்க நிரப்பிவிட்டால், பார்க்கிறவர் மனதில் நிற்பது வயலும் மேகமும் கடலும்தான். அவள் சொன்ன "விடப் பெரியது" எங்கே போயிற்று?

சொல் வருகிற இடத்தில் அந்தப் பொருளின் படத்தை ஒட்டுவது ஸ்கிரிப்ட் ஆகாது. குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு அது சரி. கவிதையில் ஒரு சொல் எதற்காக வருகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே நிலமும் வானும் நீரும் அளவுகோல்கள். அளந்து பார்த்துத் தோற்றுப்போன அளவுகோல்கள். இந்தப் பாட்டில் அவள் உண்மையிலேயே கண்ணுக்குக் காட்டுவது ஒரு மலைச்சாரல், கரிய தண்டு, பூ, தேன். இவ்வளவுதான். உலகத்தையே கைவிட்டுவிட்டு ஒரு சின்னப் பூவுக்கு வருகிறாள்.

இன்னொன்று. எது பெரியது என்பதைக் கடைசிச் சொல் வரை அவள் சொல்வதே இல்லை. அந்த மலைநாட்டுக்காரன்மேல் தனக்குள்ள காதலைச் சொல்லும் "நட்பே" என்பதுதான் கடைசிச் சொல். சில வருடங்களுக்கு முன் இந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பழைய இலக்கியம் எதுவும் படித்தவள் இல்லை. "நிலத்தினும் பெரிதே" என்று நிறுத்தினேன். மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே பிடித்துக்கொண்டு "எதுடி?" என்றாள். வானுக்கு வந்ததும் மறுபடி, "எதுடி, சொல்லேன்." நீருக்கு வந்தபோது கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட் முழுக்க அந்த "எதுடி"யிலிருந்துதான் வந்தது. முதல் நொடியிலேயே "காதல்" என்று டைட்டில் போட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போடுவது போல.

என் ஸ்கிரிப்டைச் சொல்கிறேன். அதைவிட நல்லதாக யாராவது எழுதினால் சந்தோஷம். இரண்டு பத்தி, இடப்பக்கம் குரல், வலப்பக்கம் படம். முதலில் குரலை மட்டும் பதிவு செய்து, எங்கே மூச்சு விடுகிறது என்று குறித்துக்கொண்டேன். பெரிதே, உயர்ந்தன்று, ஆரளவின்றே: மூன்று இடத்தில் வாக்கியம் முடிகிறது, மூன்று இடத்திலும் குரல் நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு முழு நொடி மௌனம் விட்டேன். "சாரல்" தொடங்கி "நட்பே" வரை எங்குமே முடிவதில்லை, ஒரே ஓட்டம். மூன்றாவது அடியில் மற்ற அடிகளைப் போல நாலு சீர் இல்லை, மூன்றே சீர். ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி இப்படிக் குறைவது வழக்கம்தான். ஆனால் காது அதை உணர்கிறது, கொஞ்சம் வேகமாகக் கடைசி அடிக்குள் விழுகிறோம்.

படம் அதைத்தான் பின்தொடர வேண்டும். முதல் மூன்று வாக்கியத்துக்கும் ஒரே ஷாட், தோழியின் தோளுக்கு மேலாகத் தெரியும் அவள் முகம். நிலம் இல்லை, வானம் இல்லை, கடல் இல்லை. கட் வருவது மூன்றாவது அடியின் தொடக்கத்தில் இல்லை, இரண்டாவது அடியின் கடைசிச் சொல்லான "சாரல்" மீது. அங்கேதான் பாட்டு அடி முடியும் முன்பே மலைக்குத் தாவுகிறது. அதன்பின் ஒரே நீண்ட ஷாட்: தண்டின் கருமை, மெதுவாக மேலேறிப் பூ, பூவில் ஒரு தேனீ. இடையில் கட் கிடையாது. "நட்பே" என்னும்போது மறுபடி அவள் முகம், குரல் முடிந்த பிறகும் மூன்று நொடி. மொத்தம் அரை நிமிடம்கூட வராது.

அந்த வீடியோவிலோ "கருங்கோற்" ஒரு ஷாட், "குறிஞ்சி" வேறு ஷாட். ஒரு மூச்சில் வருகிற தொடரை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டு, நிற்கிற இடத்தில் எல்லாம் மேசையில் விரலால் தட்டுங்கள். அப்புறம் ஒலியை அணைத்துவிட்டு, கட் விழுகிற இடத்தில் எல்லாம் தட்டுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று தெரிந்துவிடும்.

"மூன்று நொடியில் கவனத்தைப் பிடிக்காவிட்டால் ஆள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்" என்கிறார்கள். என் அம்மா போகவில்லை. "நிலத்தைவிடப் பெரியது" என்று ஒரு பெண் முகம் பார்த்துச் சொல்லிவிட்டு நிறுத்துவதைவிடப் பெரிய பிடி எது?

"குறிஞ்சி பூக்கும் வரை 12 வருடம் காத்திருக்கவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும், கையில் காட்சி இருக்காது. அப்படியென்றால் கோட்டோவியமாக வரையலாம். கரிய தண்டையும் தேனீயையும் மட்டும் காட்டிப் பூவைச் சொல்லுக்கே விட்டுவிடலாம். ஆனால் அந்த வீடியோவில் வருவது லாவெண்டர். வரிசையாக நட்ட லாவெண்டர் தோட்டம்! "கருங்கோல்" என்று தண்டின் நிறம் வரை ஒருத்தி பார்த்துச் சொல்கிறாள், நாம் பச்சைத் தண்டு லாவெண்டரைக் காட்டுகிறோம். இதைச் சொன்னால் நான் தமிழைத் தொடவிடாதவள்.

அந்த அணைப்புக் காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் துறைக் குறிப்பு பாட்டின் கீழே இருக்கிறது, ஒரு நிமிடம் படித்திருக்கலாம். தோழி அவனைக் குறை சொல்கிறாள், இவள் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள், அவனோ வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் காட்சிக்குள்ளேயே இல்லை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவன் வருவானா என்பதே தோழிக்குச் சந்தேகம். அந்த நேரத்தில் "நிலத்தைவிடப் பெரியது" என்று சொல்ல எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! பக்கத்தில் நின்று அணைத்துக்கொண்டிருக்கிறவனைப் பற்றிச் சொல்வது சுலபம். இவள் இல்லாதவனைப் பற்றிச் சொல்கிறாள். அவனைக் கூட்டிவந்து நிறுத்தியதும் அவள் தனியாகச் சுமந்த அத்தனையும் போய்விட்டது. என் ஸ்கிரிப்டில் அவனுக்கு ஒரே ஒரு இடம்தான்: கடைசி மூன்று நொடி மௌனத்தில், திரைக்கு வெளியே சருகு மிதிபடும் சத்தம்.

வீடியோ செய்தவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. குரல் நன்றாக இருக்கிறது, அந்தப் பெண் அருமையாக வாசித்திருக்கிறார். அந்த "காதல்" டைட்டிலையும் லாவெண்டரையும் மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு முறை போடுங்கள். முதல் ஆளாக நானே பகிர்கிறேன்.