பாட்டு நீளத்துக்குப் பெயர்களை அடைக்கச் சொல்லாதீங்க

படம் முடியும்போது கீழேயிருந்து மேலே ஓடுமே பெயர்ப் பட்டியல், அதைச் செய்யறவன் நான். நேத்து ராத்திரி பதினோரு மணிக்குப் படக்குழுவிலேருந்து மறுபடியும் அதே போன். "தம்பி, 14 பேர் விட்டுப்போச்சு, எண்ட் கிரெடிட்ல சேர்த்துடு. பாட்டு ரெண்டு நிமிஷம்தான், அதுக்குள்ள முடிச்சிரு." வச்சுட்டார்.

பெயரைச் சேர்த்துக் கொஞ்சம் வேகமா ஓட்டினா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது அப்படி இல்லைங்க! நொடிக்கு 24 பிரேம், ரெண்டு நிமிஷத்துக்கு 2880 பிரேம். பிரேமுக்குச் சரியா 4 பிக்சல் நகர்ந்தா 11,520 பிக்சல் ஏறும். என் பட்டியலோட உயரம் 10,440. கீழேயிருந்து வந்து மேலே முழுசா மறைய, திரை உயரம் 1080 சேரும். கூட்டிப் பாருங்க, அதே 11,520. இப்படிப் பொருந்த வைக்கவே ரெண்டு நாள் ஆச்சு.

இப்போ 14 பெயர், வரிக்கு 60 பிக்சல், மொத்தம் 840 கூடுது. மென்பொருள்ல பட்டியலைத் தானா ஓட வைக்கிற Roll டிக் பண்ணியிருந்தா அது மறுபேச்சில்லாம கிளிப் நீளத்துக்குள்ள அடைச்சுடும். பிரேமுக்கு 4.29 பிக்சல்! ஒரு பிரேம் 4, இன்னொண்ணு 5னு தாவி எழுத்து உதறும். இல்லேன்னா பாதி பிக்சல்ல நின்னு, E, Tயோட குறுக்குக்கோடும் ட, பயோட அடிக்கோடும் மினுமினுக்கும். லேப்டாப்ல சுருக்கிப் பார்க்கிறவருக்கு இது தெரியாது. தியேட்டர்ல தெரியும்.

தமிழும் இங்கிலீஷும் கலந்தா இன்னொரு தலைவலி. வரி இடைவெளியை ஆட்டோல விட்டா தமிழ் இருக்கிற வரி மட்டும் உயரமாயிடும். வேகம் ஒரே சீரா இருந்தாலும் கண்ணுக்கு விட்டு விட்டு ஓடுற மாதிரி இருக்கும். அதனால எல்லா வரிக்கும் 60னு கையால பூட்டினேன். பூட்டினதும் மேல்வரியில மூ, ழு கீழே இறங்குது, கீழ்வரியில கீ மேலே ஏறுது. ரெண்டும் முட்டிக்காம இருக்க தமிழ் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, ஒவ்வொரு வரியா பார்த்தேன். புதுசா வந்த 14 பெயருக்கும் அதே வேலை, அதே ராத்திரியில.

வேகத்தைத் தொடவே இல்லை. துறைக்குத் துறை விட்டிருந்த 21 இடைவெளியிலயும் 40 பிக்சல் வெட்டினேன். 840 கிடைச்சுது. மணி மூணு.

விட்டுப்போன 14 பேர்ல ஒம்போது பேர் லைட்மேன். மழையில நனைஞ்சு வேலை பார்த்தவங்க. இந்த வேகத்துல ஒரு பெயர் திரையில நிக்கிறதே 11 நொடிதான். அந்த 11 நொடியும் எழுத்து உதறாம நிக்கணும்னு கேக்குறது தப்பா? அவங்க பட்டியலை ஷூட்டிங் முடிஞ்ச அன்னிக்கே தர என்ன தடை?

இனி வெட்ட இடைவெளி இல்லை. இன்னொரு பெயர் வந்தா 15 பிரேம் பாட்டு நீளணும். அதை மியூசிக் டைரக்டர்கிட்ட நீங்களே பேசிட்டு எனக்குப் போன் பண்ணுங்க.