ரெஸ்யூமேயில் எழுதிய 18 கோடி

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெஸ்யூமேயில் சதவீதமும் கோடியும் கண்ணில் பட்டவுடன் சிலர் மதிப்பெண்ணை அள்ளிப் போடுகிறார்கள். வேறு சிலர் "எல்லாம் புளுகு" என்று அடுத்த தாளைப் புரட்டுகிறார்கள். இரண்டுமே அநியாயம். நடுவில் இரண்டு நிமிடக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்காமல் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது, கழிக்கவும் கூடாது.

இணைய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றியமைத்து, ஆர்டர்களை 40 சதவீதம் உயர்த்தினேன்; ஆண்டுக்கு 18 கோடி ரூபாய் கூடுதல் வருவாய்."

ஒரே வரியில் சதவீதமும் தொகையும் சேர்ந்து வந்தால் அடித்தளம் தானாக வெளியே வந்துவிடும். சராசரி ஆர்டர் தொகை மாறவில்லை என்றால், 40 சதவீத உயர்வு 18 கோடி என்பதன் பொருள் முன்பு 45 கோடி, பின்பு 63 கோடி. இனி பார்க்க வேண்டியது அந்த நிறுவனம் அவ்வளவு பெரியதா என்பதுதான். இந்தியாவில் பதிவான நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கை நிறுவன விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். பொதுவாகச் சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் பார்க்கலாம். அங்கே அந்த ஆண்டின் வருவாய் 11 கோடி என்றுதான் இருக்கிறது என்று கொள்வோம்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பதினோரு கோடி நிறுவனத்தில் பதினெட்டு கோடி எப்படிக் கூடும் என்று கேட்டு, ரெஸ்யூமேயை மூடிவிடுகிறார்கள். ஆனால் மற்றவர்களின் பொருள்களை விற்றுத் தரும் தளங்களில், வாடிக்கையாளர் செலுத்தும் மொத்தத் தொகை வேறு, நிறுவனத்தின் வருவாய் வேறு. 15 சதவீதக் கமிஷன் என்றால், 63 கோடி விற்பனையில் நிறுவனத்துக்கு வருவது ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி. விளம்பரம், டெலிவரிக் கட்டணம் சேர்ந்தால் 11 கோடி பொருந்திப் போகிறது. அலுவலகத்தின் உள்ளே எல்லாரும் மொத்த விற்பனையையே பேசிப் பழகியவர்கள். அவர் அதையே எழுதியிருக்கலாம். அப்படியானால் கூடுதல் வருவாய் 18 கோடி அல்ல, 2 கோடியே 70 லட்சம்.

அடுத்த சந்தேகம் அந்த 40 சதவீதத்தின் மேல். நேர்காணலில் நேரடியாகக் கேளுங்கள்: எந்தப் பயனர்களிடம் அளந்தீர்கள், எத்தனை நாள், பழைய பக்கமும் அதே நாள்களில் ஒரு பகுதியினருக்குக் காட்டப்பட்டதா? செயலியில் வருபவர்களுக்கு எதுவும் மாறவில்லை, கைபேசி உலாவி வழியாக வருபவர்களிடம்தான் சோதித்தோம், அது மொத்த ஆர்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று அவர் சொன்னால், 45 கோடியில் அந்தப் பங்கு 9 கோடி. அதில் 40 சதவீதம் 3 கோடியே 60 லட்சம். கமிஷன் 54 லட்சம். சோதனை நடந்தது தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் என்றால், பண்டிகைக் கால விற்பனையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிக் காட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது இதுவும் குறையும்.

பதினெட்டு கோடி ஐம்பத்து நான்கு லட்சமாகிவிட்டதே என்று அவரைக் கழித்துவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரே பக்கத்தை மாற்றி ஆண்டுக்கு 54 லட்சம் கொண்டுவந்தது நல்ல வேலை. அதைவிட முக்கியம், எந்தப் பங்கில் அளந்தோம் என்று அவரால் தயங்காமல் சொல்ல முடிந்தது. அளவீட்டை அறிந்தவர் அவர். அதே கேள்விக்கு "மேலாளர் கொடுத்த எண்" என்று மட்டும் பதில் சொல்பவரின் 18 கோடி உண்மையாகவே இருந்தாலும், அந்த வேலையில் அவருடைய கை எவ்வளவு என்பது நமக்குத் தெரியவில்லை.

சில வரிகளுக்கு இவ்வளவு உழைப்பே தேவையில்லை. "செலவை 150 சதவீதம் குறைத்தேன்" என்பது நடக்காத காரியம். குறைப்பு 100 சதவீதத்தில் முடிந்துவிடும். விற்பனைப் பிரிவில் "இலக்கில் 180 சதவீதம்" என்றிருந்தால், அதில் பழைய வாடிக்கையாளர்களின் புதுப்பிப்பு எவ்வளவு, அவரே பிடித்துவந்த புதிய கணக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் போதும்.

நிறுவனத்துக்குள்ளேயே முடிந்துவிடும் வேலைகளை வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. "அறிக்கை தயாரிக்கும் நேரத்தை 60 சதவீதம் குறைத்தேன்" என்பது எந்தத் தாக்கல் கணக்கிலும் இருக்காது. முன்பு எத்தனை மணி நேரம், இப்போது எத்தனை, மாதத்துக்கு எத்தனை அறிக்கை என்று கேட்கலாம். மாதம் ஓர் அறிக்கை, ஐந்து மணி நேரம் இரண்டானது என்றால் சதவீதம் உண்மை, பயன் சிறியது.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண் இருக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குப் பாடம் எடுக்கிறோம். அளக்க வாய்ப்பே இல்லாத வேலைக்கும் அவர்கள் 35 சதவீதம், 42 சதவீதம் என்று எதையோ எழுதுகிறார்கள். ஆயிரம் பேருக்கு மாதந்தோறும் பிழையில்லாமல் சம்பளம் போட்டவர் அதை அப்படியே எழுதினால், சதவீதம் இல்லை என்று அடுக்கின் அடியில் போய்விடுகிறார். விண்ணப்பங்களை வடிகட்டும் படிவத்தில் "எண்களால் காட்டிய சாதனை" என்று ஒரு கட்டம் வைத்து மதிப்பெண் தருகிறவர்கள் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வியை எழுதி வையுங்கள்.